வலையொலியில் தொகுப்பாளரே பேசும் விளம்பரத்துக்குத் தமிழில் என்ன சொல்?

கயல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வலையொலிக்கு முதல்முறையாக ஒரு நோட்டு, பேனா நிறுவனம் ஆதரவு தருகிறது. 40 வினாடி. நிகழ்ச்சியின் நடுவில் நானே என் குரலில் பேச வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஸ்பான்சர் ரீட்’ என்கிறார்கள். ஒப்பந்தத்தில் ‘விளம்பரம்’ என்று மட்டும் எழுதினேன். அவர்களோ பின்னணி இசையோடு, வேறொருவர் குரலில் ஸ்டுடியோவில் செய்துதருவேன் என்று புரிந்துகொண்டார்கள். ஒரு வாரம் வீணாகிவிட்டது. இதைப் பிரித்துச் சொல்ல ஒரு சொல் வேண்டும். ‘புரவலர் வாசிப்பு’ சரியா?

மாறன் எழுதியது:

இதற்குப் புதுச்சொல்லே வேண்டாம் கயல். ‘விளம்பரதாரர் நிகழ்ச்சி’ என்று வானொலிக் காலத்திலிருந்தே இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம். நேரக் கணக்கும் எளிதுதான். நிமிடத்துக்கு 150 சொல், அதனால் 40 வினாடிக்கு 100 சொல் எழுதுங்கள்.

செல்வம் எழுதியது:

நோட்டு, பேனா எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘எழுதுபொருள்’ என்ற சொல் முன்பே இருக்கிறதே, இதில் என்ன குழப்பம்? ‘எழுதுகருவி’ என்றால் பேனா, பென்சில் மட்டும்தான் வரும், நோட்டு வராது.

கயல் எழுதியது:

செல்வம் அண்ணா, நான் கேட்டது பொருளின் பெயரை இல்லை, அதைப் பற்றி நான் பேசும் அந்த 40 வினாடியின் பெயரை. ஆனால் ‘எழுதுபொருள்’ ஒப்பந்தத்தில் உதவும், நன்றி.

மாறன், உங்கள் கணக்குப்படி 98 சொல்லில் எழுதிப் பதிவு செய்தேன். 61 வினாடி வந்தது. வேகமாகப் பேசிப் பார்த்தால் மூச்சு வாங்கியது, என் குரல் மாதிரியே இல்லை.

இராசேந்திரன் எழுதியது:

அம்மா கயல், பல ஆண்டுகள் வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன். 150 சொல் என்பது ஆங்கிலக் கணக்கு. அங்கே மூன்று நான்கு சொல்லாக நிற்பது நம்மிடம் ‘கொண்டுவரவேண்டியிருக்கும்’ என்று ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். நிதானமாகப் பேசினால் எனக்கு நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல்தான் வரும். உங்கள் 98 சொல்லும் அதே வேகம்தான், பிழை உங்களுடையது அல்ல. 40 வினாடிக்கு 60 சொல்லை ஒட்டி எழுதுங்கள். எண்களில் கவனம் வேண்டும். தாளின் எடையைச் சொல்லும் ‘80 ஜிஎஸ்எம்’ என்பது எழுத்தில் இரண்டு சொல், வாயில் ‘எண்பது ஜி எஸ் எம்’ என்று நான்கு.

மாறன் சொன்ன ‘விளம்பரதாரர் நிகழ்ச்சி’ வேறு. அதில் நிகழ்ச்சி முழுவதுமே ஒருவர் பணத்தில் நடக்கும். கயல் கேட்பது நிகழ்ச்சிக்குள் வரும் ஒரு துண்டு.

‘வாசிப்பு’ எனக்கு ஒட்டவில்லை. வாசிப்பது போலக் கேட்டால் அந்தத் துண்டே தோற்றுப்போகும். நேயருக்குப் பழகிய குரல் தன் அனுபவத்தைச் சொல்கிறது என்பதுதான் இதன் பலம். எனவே பெயரில் குரல் வரட்டும்.

தர்சினி எழுதியது:

நாங்கள் இலங்கையில் ‘அனுசரணை’ என்றுதான் சொல்வோம். நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ‘அனுசரணை வழங்குவோர்’ என்றால் எல்லாருக்கும் விளங்கும். ‘புரவலர்’ என்றால் பதில் எதுவும் கேளாமல் கொடுக்கிறவர் என்ற எண்ணம் வரும். இங்கே காசுக்குப் பதிலாகப் பேச்சு கேட்கிறார்கள். ‘அனுசரணை உரை’ என்று வைக்கலாமே?

மாறன் எழுதியது:

சொல் கணக்கில் நான் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ‘தற்குரல் விளம்பரம்’ எப்படி? தன் குரல், தற்குரல். தற்காப்பு, தற்பெருமை போல. வெளியாள் குரலில் செய்தால் அது தற்குரல் ஆகாது. கயலின் ஒப்பந்தக் குழப்பம் அந்த ஒரு சொல்லிலேயே தீர்ந்துவிடும்.

தர்சினி எழுதியது:

காதில் விழும்போது ‘தற்கு’ வரைக்கும் வேறு சொல் நினைவுக்கு வருகிறது. ‘தன்குரல்’ என்றே விடலாமே. அதோடு, காசு வாங்கியது ‘அனுசரணை’யில் தெரிகிறது. உங்கள் சொல்லில் ‘விளம்பரம்’ அதைச் சொல்கிறதுதான், ஆனால் கடுமையாக இருக்கிறது.

இராசேந்திரன் எழுதியது:

கடுமையாக இருக்கட்டும் அம்மா. பழகிய குரல் என்பதாலேயே நேயர் ஏமாற வாய்ப்பு அதிகம். ஒலிக்கும்போது முதல் சொல்லே ‘விளம்பரம்’ என்று இருக்க வேண்டும். இன்னொன்று, நாம் உருவாக்கும் சொல் ஒப்பந்தத்துக்கும் நமக்குள் பேசவும்தான். நேயரிடம் ‘இப்போது ஒரு தற்குரல் விளம்பரம்’ என்று சொன்னால் 40 வினாடியில் இரண்டு வினாடி போய்விடும், அவருக்கு அதனால் பயனும் இல்லை.

கயல் எழுதியது:

ஐயா சொன்னபடி திருத்தி எழுதினேன்:

“இது விளம்பரம். இந்தப் பகுதிக்கு ஆதரவு தருவது இன்ன நிறுவனம். ஒவ்வொரு பகுதிக்கும் நான் குறிப்பெடுப்பது மை பேனாவில். பழைய நோட்டில் ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கம் மை ஊறிவிடும். பாதி நோட்டு வீணாகும். இவர்களுடைய நோட்டில் மூன்று வாரமாக இரண்டு பக்கமும் எழுதுகிறேன். மை ஊறவில்லை, எழுத்து பிசிறடிக்கவில்லை. விரித்து வைத்தால் கையால் அழுத்தாமலே படுத்துக்கிடக்கிறது. கோடு போட்டது, போடாதது இரண்டும் உண்டு. வாங்கும்போது PEN என்று மூன்று எழுத்து கொடுத்தால் பத்து சதவீதம் தள்ளுபடி. சுட்டி பகுதிக் குறிப்பில் இருக்கிறது. சரி, விட்ட இடத்துக்கு வருவோம்.”

63 சொல், 41 வினாடி. தாளின் எடை, நோட்டின் அளவு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மை ஊறாது என்று சொன்னால் தாளின் தரம் தானே புரிந்துவிடும். தள்ளுபடிச் சொல்லாக நிறுவனம் முதலில் கொடுத்தது ezhuthu. காதால் கேட்டவர் eluthu என்பாரா, ezhudhu என்பாரா? நான்கு நண்பர்களிடம் சொல்லித் தட்டச்சு செய்யச் சொன்னேன், மூன்று விதமாக வந்தது. அதனால்தான் PEN. நோட்டைப் பயன்படுத்தாமல் பேசமாட்டேன் என்று சொல்லி, மூன்று வாரத்துக்கு முன்பே வாங்கி எழுதிப் பார்த்துவிட்டேன்.

செல்வம் எழுதியது:

இப்போது புரிகிறது தங்கச்சி. ஒரு சந்தேகம். இதே ஒலித்துண்டைப் பழைய பகுதிகளிலும் தானாகச் செருகுவார்கள் அல்லவா? அப்போது ‘செருகு விளம்பரம்’ என்றால் போதாதா?

இராசேந்திரன் எழுதியது:

நல்ல கேள்வி. ஆனால் அவை இரண்டு வேறு செய்திகள். யார் பேசுகிறார் என்பது ஒன்று, எப்படிச் சேர்க்கிறோம் என்பது இன்னொன்று. தற்குரலில் பேசியதையும் பின்னர் செருகலாம், வெளியாள் பேசியதையும் நிகழ்ச்சியோடு நிரந்தரமாகப் பதித்துவிடலாம். செருகுவதாக இருந்தால் கயல் எழுதியதில் இரண்டு இடம் உடையும். ‘மூன்று வாரமாக’ என்பது அடுத்த ஆண்டு கேட்பவருக்குப் பொய்யாகிவிடும். ‘விட்ட இடத்துக்கு வருவோம்’ என்பது துண்டு நிகழ்ச்சியின் தொடக்கத்தில் விழுந்தால் பொருந்தாது, அங்கே எதையும் விடவே இல்லையே. கயல், ஒப்பந்தத்தில் ‘பதித்தது’ என்றா, ‘செருகுவது’ என்றா இருக்கிறது?

கயல் எழுதியது:

அதைக் கேட்கவே இல்லை ஐயா. இன்று கேட்டுவிடுகிறேன். செருகுவது என்றால் ‘மூன்று வாரமாக’ என்பதை ‘ஒரு நோட்டு முழுக்க’ என்று மாற்றுவேன். அதற்குள் அந்த நோட்டை எழுதி முடிக்க வேண்டும், இன்னும் இருபது பக்கம் பாக்கி. கடைசி வரியையும் எடுத்துவிட்டால் 38 வினாடி வரும் என்று நினைக்கிறேன்.

ஒப்பந்தத்தில் ‘தற்குரல் விளம்பரம், 40 வினாடி, பேசுபவர் தொகுப்பாளர்’ என்று எழுதப் போகிறேன்.

தர்சினி எழுதியது:

எழுதுங்கள் அக்கா. எங்கள் நிகழ்ச்சியில் நான் ‘அனுசரணை உரை’ என்றே தொடர்கிறேன். யாராவது விளங்காமல் திருப்பிக் கேட்டால் இங்கே வந்து சொல்கிறேன்.