அப்பாவின் மூல நோய்: புதுப்பிப்பு

அன்று நான் கேட்டது: "ரப்பர் வளையம் போட்டும் அப்பாவுக்கு மூலம் திரும்பத் திரும்ப வருது. மலச்சிக்கலும் இல்ல. வேற என்ன காரணம்?"

பாளையங்கோட்டையில் வேறொரு சர்ஜனிடம் காட்டினோம். பேசும்போதே அப்பா இருமினார். டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டார். இருமும்போதெல்லாம் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, ஆசனவாய் இரத்தக்குழாய்கள் புடைக்குமாம். நாள் முழுக்க முக்குவது மாதிரிதான். பிரஷருக்கு அப்பா சாப்பிடுவது எனலாப்ரில். அது சிலருக்கு வறட்டு இருமல் தரும். பிரஷர் டாக்டரே லோசார்டானுக்கு மாற்றினார் (நாமாக நிறுத்தக் கூடாது). இருமல் அடங்கச் சில வாரங்கள் ஆகும், 3 மாதம்கூட இழுக்கலாம்.

"ஈரல் கெட்டா மூலம் வரும்லா" என்று அன்று பதில் சொன்ன மேலப்பாளையம் அண்ணாச்சிக்கு: பாதி சரி. ஈரல் சுருங்கினால் மலக்குடலில் வேறு இரத்தக்குழாய்கள் புடைக்கும். பார்க்க மூலம் போலவே இருக்கும்; அதில் வளையம் போட்டால் ரத்தம் கட்டுக்கடங்காமல் போகலாம். அதனால்தான் முதலில் ஸ்கேன். அப்பாவுக்கு ஈரல் நன்றாக இருக்கிறது.



அப்புறம் தொப்பை. 94 கிலோவும் அதே அழுத்தம்தான். இருமலா எடையா, எது பெரிய காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. மூலத்தில் ரத்தம் போவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. வயதைப் பார்த்து கொலோனாஸ்கோப்பியும் எழுதியிருக்கிறார்.