காவிரிப் பத்தியும் ஒரு 'ஆகும்' சண்டையும்

வாத்தியார்63 வேறொரு திரியில் எழுதியது: "பட்டியல் வரும் பத்தி ஒரே வாக்கியமாக ஓட வேண்டும், கடைசியில் 'ஆகும்' என்று முடிய வேண்டும். துண்டு துண்டாக வெட்டுகிறவர்களுக்கு நீண்ட வாக்கியம் எழுத வராது, அவ்வளவுதான்."

கரையோரம்: இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. பள்ளி ஆண்டு மலருக்கு வந்த ஒரு பத்தியைக் கீழே போடுகிறேன். மூச்சு விடாமல் வாசித்துப் பாருங்கள்.

"கர்நாடக மாநிலத்தின் குடகு மாவட்டத்தில் அமைந்துள்ள தலைக்காவிரி என்னும் இடத்தில் உற்பத்தியாகும் காவிரி ஆற்றுடன் ஹாரங்கி, ஹேமாவதி, லட்சுமணதீர்த்தம், கபினி, சிம்ஷா, அர்க்காவதி முதலிய துணையாறுகள் கர்நாடக மாநிலத்திலும், 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையைக் கடந்து வந்த பின்னர் பவானி, நொய்யல், அமராவதி முதலிய துணையாறுகள் தமிழ்நாட்டிலும் வந்து இணைந்து வருகின்ற நிலையில், முக்கொம்பு என்னும் இடத்தில் மேலணையால் வடக்கே கொள்ளிடம் என்றும் தெற்கே காவிரி என்றும் இரண்டாகப் பிரிக்கப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கதாகும்."

நான் திருத்தியது:

"காவிரி குடகில் தலைக்காவிரியில் பிறக்கிறது. கர்நாடகத்தில் ஆறு துணையாறுகள் சேர்கின்றன: ஹாரங்கி, ஹேமாவதி, லட்சுமணதீர்த்தம், கபினி, சிம்ஷா, அர்க்காவதி. மேட்டூர் அணையைத் தாண்டியதும் பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் சேர்கின்றன. முக்கொம்பில் மேலணை காவிரியை இரண்டாகப் பிரிக்கிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி."

எது புரிகிறது? நேர்மையாகச் சொல்லுங்கள்.

வாத்தியார்63: கடைசி இரண்டு வாக்கியங்களுக்கும் பயனிலை எங்கே தம்பி? "வடக்கே போவது கொள்ளிடம் ஆகும்." "தெற்கே போவது காவிரி ஆகும்." இதைக்கூடச் சொல்லித் தரவேண்டியிருக்கிறது. தந்தி அடிப்பது போல எழுதிவிட்டு அதற்குத் தெளிவு என்று பெயர்.

குறைப்பவன்: கரையோரம் செய்தது சரி, ஆனால் போதாது. என் விதி ஒன்றுதான்: எட்டுச் சொல்லுக்கு மேல் போனால் உடை. 'முதலிய', 'ஆகிய', 'போன்ற' எல்லாம் வெறும் சதை. எங்கே பார்த்தாலும் வெட்டு.

நாமக்கல்வாசி: எங்கள் திருமணிமுத்தாறு எங்கே? சரபங்கா எங்கே? இரண்டும் காவிரியில்தானே சேர்கின்றன. "மூன்றும் சேர்கின்றன" என்று எழுதி எங்களை ஒரேயடியாக அழித்துவிட்டீர்கள். பழைய பத்தியில் 'முதலிய' என்றாவது இருந்தது.

மெய்ப்புமேசை: நாமக்கல்காரர் சொல்வதுதான் இந்தத் திரியில் இதுவரை வந்த உருப்படியான பேச்சு. 'முதலிய' சதை இல்லை. இன்னும் சில உண்டு என்று சொல்கிறது. 'ஆகிய' பட்டியலை மூடுகிறது, இவ்வளவுதான் என்கிறது. கரையோரம் 'முதலிய'வை எடுத்துவிட்டு "ஆறு", "மூன்றும்" என்று எண்ணிக்கை வைத்தபோது திறந்திருந்த பட்டியல் மூடிவிட்டது. கர்நாடகத்திலும் அதே கதை. கபினிக்கும் சிம்ஷாவுக்கும் நடுவே சுவர்ணாவதி வந்து சேர்கிறது. பழைய பத்தி அதைச் சொல்லாமல் விட்டது, பொய் சொல்லவில்லை. புதுப் பத்தி பொய் சொல்கிறது.

இன்னொன்று. "மேலணை காவிரியைப் பிரிக்கிறது" என்று செய்வினையாக மாற்றியிருக்கிறீர்கள். யார் பிரித்தது என்று ஒரு முறை கேட்டிருந்தால் கை நின்றிருக்கும். ஆறு அங்கே தானாகப் பிரிந்து ஸ்ரீரங்கத் தீவைச் சுற்றிப் போகிறது. ஆர்தர் காட்டன் 1836இல் தொடங்கிய மேலணை, கொள்ளிடத்துக்கு எவ்வளவு நீர் போகலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. "முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது" என்றால் போதும். வாக்கியமும் சின்னது, செய்தியும் சரி. செயப்பாட்டு வினையைக் கண்ட இடத்திலெல்லாம் திருப்பிப் போட்டால் செய்யாதவன் தலையில் வேலை ஏறிவிடும்.

வாத்தியார்63: மெய்ப்புமேசை இவ்வளவு எழுதியும் 'ஆகும்' பற்றி வாய் திறக்கவில்லை. ஏன்? நான் கேட்டது அது ஒன்றுதான்.

மனைவிளம்பரம்: சார், பட்டியல் என்றதும் வந்தேன். நான் வீடு வாடகைக்கு விடும் விளம்பரங்கள் எழுதுகிறேன். "இரண்டு படுக்கையறை வசதியுடன் கூடிய, நல்ல காற்றோட்டம் அமையப்பெற்ற, பேருந்து நிலையத்திற்கு மிக அருகாமையில் அமைந்துள்ள, சைவக் குடும்பத்தினருக்கு மட்டுமே வழங்கப்படும் முதல் மாடி வீடு வாடகைக்கு விடப்படும்." இதையும் இப்படி உடைக்கலாமா?

குறைப்பவன்: "முதல் மாடி வீடு. வாடகைக்கு. இரண்டு அறை." முடிந்தது. எட்டுச் சொல்கூட இல்லை.

நாமக்கல்வாசி: சைவம் மட்டும் என்பதையும் வெட்டிவிட்டீர்களே. கறி சமைப்பவர் வந்து முன்பணம் கொடுத்த பிறகு என்ன செய்வார்?

குறைப்பவன்: அந்த நிபந்தனையே தப்பு. வெட்டியது நல்லது.

நாமக்கல்வாசி: அது வேறு பேச்சு. வேண்டுமென்றால் தனித் திரி தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

வாத்தியார்63: வீட்டுத் தரகு எல்லாம் இங்கே எதற்கு? "வடக்கே போவது கொள்ளிடம் ஆகும்." இதற்குப் பதில் சொல்லுங்கள். போன மாதம் ஒற்றுப் பிழை விவாதத்திலும் இதே கூட்டம்தான் பாதியில் நழுவியது. நான் மறக்கவில்லை.

மெய்ப்புமேசை: சரி ஐயா, 'ஆகும்' பற்றியே பேசுவோம். "அவர் என் அண்ணன்." இதில் என்ன குறை? பெயரே பயனிலையாக வரலாம். தொல்காப்பியர் எழுவாய்க்கு வரும் பயனிலைகளைச் சொல்லும்போது "பெயர்கொள வருதல்" என்று அதையும் சேர்த்திருக்கிறார். "வடக்கே போவது கொள்ளிடம்" அந்த வகை. நான் 'ஆகும்' வந்த இடத்திலெல்லாம் கோடு போடுவதில்லை. எழுவாய் எங்கே முடிகிறது என்று தெரியாத அளவுக்கு நீண்டிருந்தால் 'ஆகும்' ஒரு கைப்பிடி. ஆனால் அப்போதும் முதலில் எழுவாயைத்தான் சுருக்குவேன்.

வாத்தியார்63: அங்கே 'ஆகும்' தொக்கி நிற்கிறது. இலக்கணம் படித்தவனுக்குத் தெரியும்.

கரையோரம்: தொக்கி நிற்கிறது என்றால் எழுத வேண்டாம் என்றுதானே ஐயா பொருள்?

வாத்தியார்63: எழுத்தாளனுக்குத் தொக்கி நிற்கலாம். மாணவனுக்கு நிற்காது. ஆண்டு மலரை மாணவன் படிக்கிறான். ஆகவே 'ஆகும்'. மேலும் நடுவே முக்காற்புள்ளி போட்டு, அதன்பின் பெயர்களைக் கொட்டுவது வெள்ளைக்காரன் வழக்கம்.

நாமக்கல்வாசி: முற்றுப்புள்ளி மட்டும் ஓலைச்சுவடியில் இருந்ததா ஐயா?

மெய்ப்புமேசை: அந்த முக்காற்புள்ளிதான் கரையோரம் செய்ததிலேயே நல்ல காரியம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. பழைய பத்தியில் ஹாரங்கி தொடங்கி அர்க்காவதி வரை ஆறு பெயர்களை வாங்கிக்கொண்டு, இவை என்ன செய்கின்றன என்று தெரியாமலே போகிறோம். நடுவில் மேட்டூர் அணை கட்டிய ஆண்டு வேறு குறுக்கே வருகிறது. இன்னும் மூன்று பெயர். அப்புறம்தான் "இணைந்து" வருகிறது. அதற்குள் முதல் பெயர் மறந்துவிடும். "கர்நாடகத்தில் இவை சேர்கின்றன" என்று வினையை முதலில் முடித்துவிட்டுப் பெயர்களைப் பின்னால் அடுக்கினால், ஒவ்வொரு பெயரும் வரும்போதே அதன் வேலை தெரிந்துவிடுகிறது.

குறைப்பவனின் எட்டுச் சொல் விதிப்படி ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதினால் "சேர்கிறது, சேர்கிறது" என்று ஒன்பது தரம் வரும். அதுவும் படிக்க முடியாது. ஒரே வேலை செய்பவற்றை ஒரே வாக்கியத்தில் கட்டலாம். வேலை மாறினால், இடம் மாறினால் உடைக்கலாம். ஹேமாவதியும் லட்சுமணதீர்த்தமும் கிருஷ்ணராஜ சாகர் நீர்த்தேக்கத்தில் வந்து சேர்கின்றன. கபினி அதற்குக் கீழே திருமகூடலு நரசிபுராவில். இந்த இடங்களைச் சொல்லப் போகிறீர்கள் என்றால் தனி வாக்கியம் வேண்டும். சொல்லவில்லை என்றால் வேண்டாம்.

வெறும் சதை என்று நான் எடுப்பவை: "அமைந்துள்ள", "என்னும் இடத்தில்", "இணைந்து வருகின்ற நிலையில்", "என்பது குறிப்பிடத்தக்கது". இவற்றை எடுத்தால் ஒரு செய்தியும் குறையாது. 'முதலிய' அப்படி இல்லை. "கட்டி முடிக்கப்பட்ட" என்பதைச் செய்வினையாக்க ஒரு மன்னரையோ பொறியாளரையோ தேட வேண்டாம். "1934இல் கட்டிய மேட்டூர் அணை" என்றாலே தமிழ். ஆண்டு வேண்டுமானால் இப்படி ஓரமாக வைக்கலாம். நான் எழுதினால்:

"காவிரி குடகில் தலைக்காவிரியில் பிறக்கிறது. கர்நாடகத்தில் பல துணையாறுகள் அதில் சேர்கின்றன. முக்கியமானவை: ஹாரங்கி, ஹேமாவதி, லட்சுமணதீர்த்தம், கபினி, சுவர்ணாவதி, சிம்ஷா, அர்க்காவதி. 1934இல் கட்டிய மேட்டூர் அணையைத் தாண்டியதும் பவானி, நொய்யல், அமராவதி முதலியவை சேர்கின்றன. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை கொள்ளிடம். தெற்குக் கிளை காவிரி என்ற பெயரிலேயே போகிறது."

நாமக்கல்வாசி: 'முதலியவை'க்குள் எங்களை ஒளித்துவிட்டீர்கள். பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். திருமணிமுத்தாற்றைப் பெயர் சொல்லி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

கரையோரம்: சுவர்ணாவதிக்கு இடம் கிடைத்தது, திருமணிமுத்தாற்றுக்கு இல்லையா? எந்தக் கணக்கு இது?

மெய்ப்புமேசை: எனக்குப் பெரிதாகப் பட்டவற்றை வைத்தேன். ஆண்டு மலர் எந்த ஊர்ப் பள்ளியுடையது என்று நீங்கள் சொல்லவில்லை. நாமக்கல் பக்கம் என்றால் கட்டாயம் சேர்ப்பேன்.

வாத்தியார்63: பார்த்தீர்களா, அங்கேயும் "வடக்குக் கிளை கொள்ளிடம்." ஆகும் இல்லை. இவ்வளவு நீளமாகப் பாடம் எடுத்துவிட்டு அதே பிழை. முப்பது வருடம் வகுப்பெடுத்தவன் சொல்கிறேன், ஒருவனும் கேட்பதில்லை.

குறைப்பவன்: "கொள்ளிடம்" என்று ஒரு சொல் வாக்கியம் எழுதியிருக்கலாம். இன்னும் தெளிவு.

கரையோரம்: முக்கொம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. 2018இல் கொள்ளிடம் பக்க மதகுகள் இடிந்து விழுந்தனவே, அதையும் பத்தியில் சேர்க்கலாமா?

நாமக்கல்வாசி: சேர்த்தால் உங்கள் பத்தி மறுபடி பழைய பத்தி ஆகிவிடும். துணையாறு பற்றிய பத்தியில் மதகுக்கு என்ன வேலை?

கரையோரம்: செய்தி முக்கியம் இல்லையா?

நாமக்கல்வாசி: திருமணிமுத்தாறு முக்கியம் இல்லை, மதகு முக்கியம். நல்ல நியாயம்.

மனைவிளம்பரம்: சார், என் விளம்பரம் அப்படியே நிற்கிறது. யாராவது பாருங்கள்.

மெய்ப்புமேசை: "முதல் மாடி வீடு வாடகைக்கு. இரண்டு படுக்கையறை, நல்ல காற்றோட்டம். பேருந்து நிலையம் பக்கத்தில். சைவக் குடும்பத்துக்கு மட்டும்." பக்கத்தில் என்றால் எவ்வளவு தூரம் என்று போடுங்கள். வாடகை எவ்வளவு என்று நீங்கள் சொல்லவே இல்லை. படிப்பவர் முதலில் தேடுவது அதைத்தான்.

மனைவிளம்பரம்: வாடகை நேரில் பேசிக்கொள்ளலாம் என்பது உரிமையாளர் விருப்பம் சார்.

வாத்தியார்63: "முதல் மாடி வீடு வாடகைக்கு" என்ன வாக்கியம் இது? வாடகைக்கு விடப்படும் ஆகும்...

கரையோரம்: ஐயா, "விடப்படும் ஆகும்"ஆ?

வாத்தியார்63: தட்டச்சுப் பிழை. "விடப்படும்". ஆனால் கொள்ளிடத்துக்கு 'ஆகும்' வேண்டும். அதில் மாற்றம் இல்லை.