“இரண்டில் ஒன்று உறுதி”: இதற்கு ஒரு சொல் வேண்டும்

தக்கலையிலிருந்து:
வங்கித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காகக் குறியீட்டு அசமன்பாடு பாடம் எழுதுகிறேன். ஓரிடத்தில் சொல் கிடைக்கவில்லை. @ என்றால் ‘சிறியதல்ல’, $ என்றால் ‘சமம்’.

```
M @ K,  K $ T,  T @ R
M ≥ K = T ≥ R
```

முடிவு 1: M > R. முடிவு 2: M = R. தனியாக எடுத்தால் இரண்டுமே உறுதியில்லை. K, T இரண்டுக்கும் 5 போட்டுப் பாருங்கள். M, R இரண்டும் 5 என்றால் சமம். M மட்டும் 6 என்றால் பெரியது. M சிறியதாக வழியே இல்லை. ஆக, இரண்டில் ஒன்று கட்டாயம் உண்மை. ஒன்று வந்தால் மற்றது விலகும் என்பதால் ‘விலக்கு முடிவுகள்’ என்று வைக்கலாமா?

வடசேரியிலிருந்து:
இதற்கு ஏன் புதுச்சொல், அண்ணாச்சி? எங்கள் சந்தையில் நேந்திரங்குலையைத் தூக்கிக் காட்டி, “பத்து கிலோவுக்குக் குறையாது” என்போம். தராசில் சரியாகப் பத்து நின்றாலும் சொன்னது பொய்யாகாது. ‘குறையாமை’ என்றே வையுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:
அது ≥ குறிக்கு அருமையான சொல். ‘சிறியதல்ல’ என்பதை > என்று எழுதிச் சமத்தைத் தொலைக்கும் பிள்ளைகளிடம் இனி அந்தக் குலையைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் சார் கேட்பது முடிவுகளின் இணைக்கு.

‘விலக்கு’ எனக்குச் சரியாகப் படவில்லை. M ≥ K ≤ T என்று சங்கிலி நடுவில் திரும்பினால், M-க்கும் T-க்கும் தொடர்பு அறுந்துவிடும். அங்கே M > T, M < T என்ற முடிவுகளும் ஒன்றையொன்று விலக்கும். ஆனால் மூன்றும் 5 என்றால் இரண்டுமே பொய். சமம் என்ற இடம் காலியாகக் கிடக்கிறது. ‘விலக்கு’ என்று படித்த பிள்ளை இங்கேயும் “இரண்டில் ஒன்று” என்று குறித்து மதிப்பெண்ணை விடும்.

விலகுவதை மட்டும் பார்த்தால் போதாது, சங்கிலி விட்டுவைத்த எல்லா வாய்ப்பையும் இணை நிரப்ப வேண்டும். உங்கள் கணக்கில் ‘சிறியது’ என்பதைச் சங்கிலியே அடைத்துவிட்டது, மிச்சம் இரண்டையும் முடிவுகள் நிரப்புகின்றன. அறுந்த சங்கிலியில் M ≥ T, M < T என்று கொடுத்தால் அதுவும் நிரம்பும். நிரப்பு கோணம், நிரப்புக் கணம் என்று பள்ளியிலேயே பழகிய சொல் இருக்கிறதே! ‘நிரப்பு முடிவுகள்’ என்போம்.

தக்கலையிலிருந்து:
டீச்சர், ஒப்புக்கொள்கிறேன், மாற்றிவிடுகிறேன். ஒரு தயக்கம் மட்டும். நிரப்புக் கணம் என்றால் முழுக் கணம் மாறாமல் நிற்கும். இங்கே M > R, M = R என்ற அதே இணை, சங்கிலி அறுந்தால் நிரப்பாமல் போகிறதே?

நாகர்கோவிலிலிருந்து:
ஆமாம், அதனால் ‘இந்தச் சங்கிலிக்கு நிரப்பு’ என்று சேர்த்தே எழுதுங்கள்.

குளச்சலிலிருந்து:
அறுந்த சங்கிலிக்கு >, =, < என மூன்று முடிவும் கொடுத்தால்? மூன்றும் சேர்ந்துதானே நிரப்புகின்றன? அதை ‘இணை’ என்பதா?