மறுப்புக் கடிதம் வந்தபோது ஆலையில் இன்னும் மாங்காய் இருந்தது

கிருஷ்ணகிரி, மாம்பழக்கூழ் ஆலை ஆய்வகம்

மேலாளரிடம் பணம் கேட்டு மறுக்கப்பட்ட அனுபவங்களை இங்கே பலரும் எழுதுகிறார்கள். பெரும்பாலானவை கோபத்தோடு முடிகின்றன. என்னுடையது கோபத்தோடுதான் தொடங்கியது.

எங்கள் ஆலையில் பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கி, எவாப்பரேட்டரில் நீரை வற்றவைத்து 28 பிரிக்ஸ் அடர்கூழாக அனுப்புகிறோம். பிரிக்ஸ் என்பது கூழில் கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவு. 28-க்குக் கீழே போனால் வாங்குபவர் திருப்பி அனுப்புவார். அளவைப் பார்ப்பது கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர். கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் கோட்டைப் படிக்க வேண்டும். எங்களுடைய கருவியின் ரப்பர் பிடி உரிந்து, பாதிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. பகல் ஷிப்டில் ஒன்று, இரவு ஷிப்டில் வேறொன்று காட்டுகிறது என்று தகராறு வராத நாள் இல்லை.

மே மாத இறுதியில் மேசைமேல் வைக்கும் டிஜிட்டல் கருவி, அதற்கு ஒரு பிரிண்டர், ஒரு கணினி என மொத்தம் 3,60,000 ரூபாய் கேட்டு எழுதினேன். காரணமாக நான் எழுதியது ஒரே வரி: "தற்போதைய கருவி பழையது, அடிக்கடி தவறாகக் காட்டுகிறது." ஜூன் முதல் வாரத்தில் பதில் வந்தது. அதை அப்படியே தருகிறேன்:

"நீங்கள் கேட்ட ரூ. 3,60,000-க்கு இம்முறை ஒப்புதல் தர இயலவில்லை. காரணம் இரண்டு. ஆய்வகப் பராமரிப்புத் தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகள் உழைக்கும் கருவி மூலதனச் செலவில்தான் வரும். அந்தத் தலைப்பில் இந்த அரையாண்டுக்கு இருந்த தொகை கொதிகலன் வேலைக்குப் போய்விட்டது. அடுத்து, கருவி தவறாகக் காட்டுகிறது என்கிறீர்கள். எவ்வளவு தவறு, அதனால் ஆலைக்கு என்ன நட்டம் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. அக்டோபரில் அரையாண்டு மறுபரிசீலனை நடக்கும். செப்டம்பர் 15-க்குள் மூலதனத் தலைப்பில் மீண்டும் அனுப்புங்கள். குறைந்தது 30 மாதிரிகளின் அளவீடு, மூன்று விலைப்புள்ளிகள், அவற்றில் ஜிஎஸ்டி தனியாக, வாங்காமல் சமாளிக்க வழி உண்டா என்பதற்கு உங்கள் பதில் ஆகியவை இருக்கட்டும். ஆகஸ்டில் பழம் இருக்காது. அளவீட்டை இன்றே தொடங்குங்கள். அனுப்பினால் பட்டியலில் சேர்ப்பேன். ஒப்புதல் கிடைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது."

படித்ததும் மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோதுதான் "இன்றே தொடங்குங்கள்" என்பது உறைத்தது. செப்டம்பரில் நான் என்னதான் அழகாக எழுதினாலும் அளந்து காட்ட ஒரு மாம்பழம் இருக்காது. மறுத்தவரே அதை நினைத்து எழுதியிருக்கிறார். கேட்ட எனக்குத் தோன்றவில்லை.

ஓசூர், உதிரிபாகத் தொழிற்சாலை

உங்களுக்காவது இத்தனை வரி வந்தது. எனக்கு வந்தது "தற்சமயம் இயலாது" மட்டும். அளவுமானிகள் வாங்க மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அதே இரண்டு சொல். மூன்று முறையும் நான் அனுப்பியது தேதி மட்டும் மாற்றிய அதே கடிதம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாலக்கோடு

ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டச் சொன்னது எனக்குப் புரியவில்லை. சேர்த்துக் கேட்பதுதான் பாதுகாப்பு. பில் வரும்போது தொகை கூடினால் மறுபடி யாரிடம் போய் நிற்பது?

தருமபுரி, கணக்கர்

பாலக்கோட்டு நண்பர் சொல்வது பாதி சரி. பில்லுக்குக் கட்ட வேண்டியது முழுத் தொகைதான், ஆகவே கையில் அவ்வளவு பணம் இருக்க வேண்டும். ஆனால் வரி கட்டும் பொருளைத் தயாரிக்கிற நிறுவனம், கருவிக்குக் கொடுத்த ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். அப்படிக் கழித்தால் கருவியின் விலை வரி நீங்கலான தொகைதான். அந்த வரிக்குத் தேய்மானம் கோர முடியாது. இரண்டையும் ஒன்றாக எழுதினால் மேலாளர் கண்ணுக்குக் கருவி உள்ளதைவிடக் கூடுதல் விலைக்குத் தெரியும். தனியாகக் கேட்டது உங்களுக்குச் சாதகமாகத்தான்.

தலைப்பு மாறிக் கேட்டதை அவர் தள்ளியதும் சரி. பராமரிப்பில் வாங்கிவிட்டால் தணிக்கையில் அதை மூலதனத்துக்கு மாற்றச் சொல்வார்கள். விளக்கம் எழுதுவது அவர் வேலையாகிவிடும்.

அரூர், அரசுப் பள்ளி ஆசிரியை

எங்களுக்கு உள்ளீட்டு வரி என்ற பேச்சே இல்லை. பள்ளிக்கு வாங்கினால் கொடுத்த வரி போனதுதான். பள்ளியில் கேட்பவர்கள் வரியோடு சேர்த்தே எழுதுங்கள், இல்லாவிட்டால் கைக்காசு போடுவீர்கள். நான் போட்டிருக்கிறேன்.

ஊத்தங்கரை

எனக்கும் கறவை மாட்டுக் கடனை வங்கியில் மறுத்துவிட்டார்கள். காரணமும் சொல்லவில்லை. மறுபடி எப்போது போகலாம்?

தருமபுரி, கணக்கர்

ஐயா, இங்கே பேசுவது அலுவலகத்துக்குள் செலவுக்குப் பணம் கேட்பதைப் பற்றி. வங்கியில் நிராகரித்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அதைப் பார்த்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம்.

கிருஷ்ணகிரி, மாம்பழக்கூழ் ஆலை ஆய்வகம்

மீதிக் கதையைச் சொல்கிறேன். ஜூன் இரண்டாவது வாரத்திலிருந்து 40 மாதிரிகள் எடுத்தேன். எவாப்பரேட்டர் அருகில் சூடாக இருக்கும்போது ஆபரேட்டர் படித்த எண்ணை அட்டவணையின் ஒரு கட்டத்தில் எழுதுவேன். அதே கூழைச் சிறு புட்டியில் மூடி, ஆய்வகத்தில் தண்ணீரில் வைத்து 20 டிகிரிக்குக் குளிர்வித்து, அதே பழைய கருவியில் மறுபடி பார்த்து அடுத்த கட்டத்தில் எழுதுவேன். ஆறு மாதிரிகளை வெளி ஆய்வகத்துக்கும் அனுப்பினேன்.

குளிர்ந்த கூழில் பழைய கருவி காட்டியதும் வெளி ஆய்வகம் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. என் கடிதத்தின் ஒரே வரியும் பொய்த்துப்போயிற்று. கருவி பழையதுதான், ஆனால் குற்றம் அதனுடையது அல்ல. பிரிக்ஸ் 20 டிகிரிக்குச் சொல்லப்படும் அளவு. கூழ் சூடாக இருந்தால் எண் குறைவாகத் தெரியும். கருவியே வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும், ஆனால் 30 டிகிரி வரைதான். எவாப்பரேட்டர் பக்கம் ஜூன் மாதத்தில் கருவியின் இரும்பே அதைத் தாண்டிச் சுடும். பகலும் இரவும் ஏன் மாறி மாறிக் காட்டின என்பதும் அதோடு விளங்கியது.

இதில் நட்டம் எங்கே என்றால், ஆபரேட்டர் 28.2 வந்துவிட்டதா என்று பார்க்கிறார். கருவி 27.6 என்கிறது. அவர் இன்னும் வற்றவைக்கிறார். அவர் கண்ணுக்கு 28.2 தெரியும்போது உண்மையில் 28.8 ஆகியிருக்கிறது. 28.8-ஐ 28.2 ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு டன்னுக்கும் சுமார் 21 கிலோ கூழ் விற்கக்கூடியது ஆவியாகப் போகிறது. கெட்டியாக இருக்கிறது என்று வாங்குபவர் ஒரு பைசா கூடத் தருவதில்லை. எங்கள் பருவத்துக்கு 600 டன் அடர்கூழ் என்றால் பன்னிரண்டரை டன்னுக்கு மேல். கூட எரித்த விறகை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

"வாங்காமல் சமாளிக்க வழி உண்டா" என்ற கேள்விக்கு முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. அதற்கும் சோதித்தேன். குளிர்வித்துப் பார்ப்பதுதான் வழி, செலவு இல்லை. ஆனால் ஒரு மாதிரி குளிர 12 நிமிடம் ஆகிறது; அதற்குள் எவாப்பரேட்டரில் கூழ் இன்னும் வற்றிவிடுகிறது. ஆகவே கண்ணாடியைத் தானே 20 டிகிரியில் வைத்துக்கொள்ளும் கருவி எவாப்பரேட்டர் பக்கத்திலேயே வேண்டும். பிரிண்டரும் கணினியும் வேண்டாம். இரண்டாவது விண்ணப்பம் வரி நீங்கலாக 2,40,000 ரூபாய், ஒன்றரைப் பக்கம், பின்னால் 40 வரி அட்டவணை.

அக்டோபரில் ஒப்புதல் வந்தது, மார்ச்சில் கருவி வந்தது. போன பருவத்தில் எங்கள் சராசரி 28.4. அதில் கருவியின் பங்கு எவ்வளவு, புதிய ஆபரேட்டரின் கையின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஓசூர், பிரிவு மேலாளர்

நான் மறுக்கும் நாற்காலியில் இருப்பவன். உங்கள் மேலாளர் எழுதியதில் ஒன்றைத் தவிர எல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது. தேதி குறித்துக் கொடுத்தால் கேட்டவர் அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்கிறார். "சேர்ப்பேன், கிடைக்கும் என்று சொல்ல முடியாது" என்று எழுதினாலும் அவர் மனதில் நிற்பது தேதி மட்டும்தான். ஒரு முறை அப்படி எழுதி, மறுபரிசீலனையே அந்த ஆண்டு நடக்காமல் போய், ஒரு நல்ல பொறியாளர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அதன்பின் நான் தேதி எழுதுவதில்லை. "மறுபரிசீலனை அறிவிக்கும்போது" என்று எழுதுகிறேன்.

ஓசூர், உதிரிபாகத் தொழிற்சாலை

அப்படி எழுதினால் எனக்கு வந்த "தற்சமயம் இயலாது"வுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் சார்? மறுபரிசீலனை எப்போது அறிவித்தார்கள் என்பதே எங்கள் தளத்துக்கு எட்டாது. தேதி இருந்தால் அன்றைக்குப் போய் நிற்கலாம்.

ஓசூர், பிரிவு மேலாளர்

நீங்கள் கேட்பது நியாயம். என்ன எழுதினாலும் கடைசியில் ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது என்பதும் உண்மை. ஆனால் நீங்கள் மூன்று முறையும் அதே கடிதத்தை அனுப்பியதாகச் சொன்னீர்களே, ஒரு முறையாவது நேரில் போய் "எது இருந்தால் பார்ப்பீர்கள்" என்று கேட்டீர்களா?

ஓசூர், உதிரிபாகத் தொழிற்சாலை

கேட்கவில்லை.

அரூர், அரசுப் பள்ளி ஆசிரியை

கிருஷ்ணகிரிக்காரரிடம் ஒரு கேள்வி. செப்டம்பர் 15-ஆம் தேதி நீங்கள் சரியாகக் கொடுத்தீர்களா? அன்றைக்கே அவர் பார்த்தாரா?

கிருஷ்ணகிரி, மாம்பழக்கூழ் ஆலை ஆய்வகம்

13-ஆம் தேதியே கொடுத்துவிட்டேன், டீச்சர். அவர் அன்று விடுப்பில் இருந்தார். அட்டவணையின் மேல் வேறு கோப்புகள் ஏறி, பன்னிரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது. பிறகு ஒரு நாள் மாலை அவரே ஆய்வகத்துக்கு வந்து, 17-ஆவது மாதிரியில் மட்டும் ஏன் வித்தியாசம் வரவில்லை என்று கேட்டார். அன்று மழை பெய்தது, எவாப்பரேட்டர் கூடமே குளிர்ந்திருந்தது என்றேன். அதையும் அட்டவணையில் எழுதிவிடச் சொல்லிவிட்டுப் போனார்.