டூர் குழு வரத் தாமதமானா ரூமை எத்தனை மணி வரை வைக்கிறது? உங்க அனுபவம் சொல்லுங்க

லாட்ஜ் மேனேஜர், வேலூர்:
போன புரட்டாசியில 42 பேர் குழு, 14 ரூம். பகல்ல திருப்பதி, ராத்திரி எங்ககிட்ட, காலையில ஸ்ரீபுரம். ஏழு மணிக்கு வந்துடுவோம்னாரு குழுத் தலைவர். ஒன்பது ஆச்சு, போன் ஸ்விட்ச் ஆஃப். ரிசப்ஷன்லயோ சிஎம்சிக்கு வந்த வெளியூர்க் குடும்பங்க பையும் ஃபைலுமா நிக்குறாங்க. பத்தரைக்கு ஆறு ரூமைக் கொடுத்துட்டேன். பன்னிரண்டே முக்காலுக்கு பஸ் வந்து நின்னுச்சு. தரிசனத்துக்குப் போறப்ப போனை ஒப்படைச்சிருக்காரு, க்யூ நீண்டுபோச்சு. வயசானவங்க ஹால்ல பாய் விரிச்சுப் படுத்ததை இன்னும் மறக்க முடியலை.

அப்போலேருந்து முதல் நாளே இதை அனுப்புறேன்:

"ஐயா வணக்கம். உங்க குழுவுக்கு 14ஆம் தேதி இரவுக்கு 14 ரூம் எடுத்து வச்சிருக்கோம். இரவு 9 மணி வரை யாருக்கும் தர மாட்டோம். தாமதமானா அதுக்குள்ள நீங்களோ டிரைவரோ ஒரு போன் பண்ணுங்க, எந்நேரம் வந்தாலும் ரூம் உங்களுக்குத்தான். தகவலே இல்லன்னா 9 மணிக்கு மேல ரூமை மத்தவங்களுக்குத் தர வேண்டிவரும், முன்பணத்துல ஒரு நாள் வாடகை கழியும். கோயிலுக்குள்ள போன் இருக்காது, அதனால டிரைவர் நம்பரையும் அனுப்பி வையுங்க."

டிரைவர் நம்பர் வந்த பிறகு பிரச்சினை ரொம்பக் குறைஞ்சிருக்கு.

ஆரணிக்காரன்:
24 மணி நேரக் கணக்கு லாட்ஜ்ல சாவி வாங்கின நேரத்துலேருந்துதானே வாடகை? அப்புறம் எதுக்குக் கழிக்கணும்?

லாட்ஜ் மேனேஜர், வேலூர்:
சொல்லாம வந்து ரூம் எடுக்குறவங்களுக்கு அது சரிதான் தம்பி. இங்க சாயங்காலத்துலேருந்து பூட்டி வச்சிருக்கோமே. போன் பண்ணிட்டு லேட்டா வந்தா நாங்களும் வந்த நேரத்துலேருந்துதான் எழுதுவோம். சில இடத்துல சொன்ன நேரத்துலேருந்தே எழுதுறாங்க. முன்கூட்டியே கேட்டுக்கணும்.

டூர் கூட்டிட்டுப் போறவன், குடியாத்தம்:
என் தப்பையும் சொல்றேன். "15ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு வருவோம்"னு எழுதினேன். அவங்க 15 மதியத்துக்குப் போட்டு வச்சிருந்தாங்க. ரெண்டு மணிக்குப் போய் நின்னா 14 ராத்திரிக்கு ரூமே இல்ல. இப்போ "14 ராத்திரி தங்கல், பஸ் வர்றது விடிஞ்சா 15, மணி 2"ன்னு எழுதுறேன். அண்ணே, உங்க மெசேஜ்லயும் இப்படி ஒரு வரி சேருங்க.

நோயாளியோட மக:
அம்மாவுக்கு ஸ்கேன். ராத்திரி பதினோரு மணிக்குக் காட்பாடியில இறங்கி ஆறு லாட்ஜ் ஏறி இறங்கினோம். ஒரு இடத்துல பலகையில சாவி வரிசையாத் தொங்குது, ஆனா ரூம் இல்லைன்னாங்க. வராத குழுவுக்காகப் பூட்டி வச்சா நாங்க எங்க போறது? ஒன்பது மணியே அதிகம்.

லாட்ஜ் மேனேஜர், வேலூர்:
உங்க கஷ்டம் புரியுதும்மா. மலையிலேருந்து இறங்கி சித்தூர் வழியா வரவே நேரம் ஆகுது, அதனால ஏழு மணியோட முடிக்க மனசு வரலை. தம்பி சொன்ன வரியை இன்னைக்கே சேர்த்துடுறேன்.

டூர் கூட்டிட்டுப் போறவன், குடியாத்தம்:
இன்னொண்ணு அண்ணே. 42ன்னு சொல்லி 36 பேர்தான் வந்தா, மிச்ச ரெண்டு ரூமுக்குக் கழிப்பீங்களா?

லாட்ஜ் மேனேஜர், வேலூர்:
காலையிலேயே சொன்னா கழிக்க மாட்டேன். வாசல்ல வந்து சொன்னா, இதுவரைக்கும் ஆளைப் பார்த்துதான் செஞ்சிருக்கேன். மத்தவங்க எப்படிச் செய்றீங்க?