பேஸ் மார்ஜின் 90 டிகிரி, ஆனாலும் கேமரா ஆடுகிறது. ஏன்?

காரைக்குடி_இறுதியாண்டு
ஆத்தங்குடி டைல்ஸில் கறை, வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, பெல்ட்டில் ஓடும் வண்டியில் கேமரா வைத்திருக்கிறோம். வண்டியின் இடத்தை அளந்து, பிழையை 3-ஆல் பெருக்கி, மோட்டார் டிரைவுக்கு வேகக் கட்டளையாகக் கொடுக்கிறோம். மாடல்:

```
L(s) = 3*10^4 / ( s (s^2 + 4s + 10^4) )
```

கெயின் 1 ஆவது 3 rad/s-இல். அங்கே மார்ஜின் ஏறக்குறைய 90°. நூறால் வகுத்தால் டேம்பிங் ரேஷியோ 0.9, துளியும் ஆடக்கூடாது. ஆனால் வண்டி போய்ச் சேர்ந்த பிறகும் ஏழெட்டு விநாடி நடுங்குகிறது. படமெல்லாம் கலங்கல்.

பல்லத்தூரான்
நூறால் வகுக்கும் கணக்கு 60, 65 டிகிரி வரைதான் செல்லும் தம்பி. கெயினைக் கூட்டி மார்ஜினை 60-க்கு இறக்குங்கள், சரியாகிவிடும்.

தேவகோட்டை_மில்
எங்கள் மில்லிலும் தண்ணீர் பம்ப் இப்படித்தான் ஏறி இறங்கும். இன்டெக்ரல் நேரத்தைக் கூட்டினோம், நின்றுவிட்டது.

ஓய்வு_கன்ட்ரோல்
மில்காரரே, இவரிடம் இன்டெக்ரல் டெர்மே இல்லை. பல்லத்தூரார் சொன்ன வரம்பு சரி, வைத்தியம்தான் ஆபத்து. கெயின் 4-ஐத் தாண்டினால் வண்டி அதிர்ந்துகொண்டே இருக்கும். ரூத் போட்டுப் பாருங்கள்.

நூறால் வகுக்கும் கணக்கு இரண்டாம் படி லூப்பிலிருந்து வந்தது. அதில் ஆடும் ஜோடி, கெயின் 1 ஆகும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். உங்களுடையது மூன்றாம் படி. மூடிய லூப்பின் சமன்பாடு:

```
s^3 + 4s^2 + 10^4 s + 3*10^4 = 0
```

ஒரு மூலம் கிட்டத்தட்ட -3. மூன்றின் கூட்டுத்தொகை -4 என்பதால் மீதி ஜோடிக்கு -1தான், ஆளுக்கு -0.5. அதன் அதிர்வு 100 rad/s, அதாவது 16 ஹெர்ட்ஸ். டேம்பிங் 0.5/100 = 0.005! பெல்ட்டுக்குச் சொந்தமாக இருந்ததே 0.02, உங்கள் லூப் அதையும் தின்றுவிட்டது. நேர மாறிலி 2 விநாடி, அடங்க 8 விநாடி. நீங்கள் பார்ப்பதும் அதுதானே?

மார்ஜின் 3 rad/s-இல் மட்டும் பார்க்கிறது. 100-இல் L-இன் அளவு 0.75, கட்டம் சரியாக -180°. நைக்விஸ்ட் வரைந்தால் -1 புள்ளிக்கு 0.25 தூரத்தில் உரசிப் போகும். கெயின் மார்ஜின் 2.5 dB. அந்தத் தூரத்தைப் பாருங்கள், அப்புறம் மார்ஜின்.

காரைக்குடி_இறுதியாண்டு
புரிந்தது ஐயா. கெயினை 1 ஆக்கினால் டேம்பிங் 0.015 வருகிறது, ஆனால் வண்டி ஆமை. 100-இல் நாட்ச் ஃபில்டர் போடலாமா?

ஓய்வு_கன்ட்ரோல்
போடலாம். ஆனால் வண்டி மோட்டாரை விட்டு விலக விலக பெல்ட் நீண்டு தளரும், அதிர்வெண்ணும் இறங்கும். இரண்டு முனையிலும் வண்டியைத் தட்டி அளந்தீர்களா?

காரைக்குடி_இறுதியாண்டு
இப்போது அளந்தேன். மோட்டார் பக்கம் 21 ஹெர்ட்ஸ், கடைசியில் 16.

பல்லத்தூரான்
அப்போ ஒரே நாட்ச் எப்படிப் போதும்? மோட்டார் தண்டிலேயே என்கோடர் வைத்து லூப்பை மூடினால் என்ன?

ஓய்வு_கன்ட்ரோல்
லூப்புக்கு நல்லது. ஆனால் பெல்ட் இழுபடுவது அளவில் தெரியாது. டைல்ஸில் எத்தனை மில்லிமீட்டர் பிழை தாங்கும் என்று தம்பிதான் சொல்ல வேண்டும்.