சிடிஆர் இறங்கியதும் தம்ப்நெயிலை மாற்றிய கதை. உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

மிக்ஸிப் பட்டறை

ஈரோட்டில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக யூடியூபில் ஒரு சேனலும் ஓடுகிறது. நான் பண்ணிய முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி பட்டென்று நின்றால், கவிழ்த்து அடியில் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் மறுபடி ஓடும். அது ஓவர்லோடு பட்டன். ஏன் விழுகிறது, திரும்பத் திரும்ப விழுந்தால் கப்ளரையும் கார்பன் பிரஷ்ஷையும் எப்படிப் பார்ப்பது என்று ஒன்பது நிமிட வீடியோ போட்டேன். வீடியோவின் முகப்புப் படமான தம்ப்நெயிலில் கவிழ்த்த மிக்ஸி, பட்டன் மேல் என் விரல்.

முதல் இரண்டு நாளில் அந்தப் படத்தை யூடியூப் காட்டிய தடவை, அதாவது இம்ப்ரெஷன், 2,100. அதில் க்ளிக் ஆன விகிதம், அதாவது சிடிஆர், 9.4%. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தாம் நாள் பார்த்தால் இம்ப்ரெஷன் 61,000, சிடிஆர் 3.8%. வீடியோ படுத்துவிட்டது என்று பயந்து ராத்திரியோடு ராத்திரியாகத் தம்ப்நெயிலை மாற்றினேன். மிக்ஸியிலிருந்து புகை, பின்னால் தீ, மேலே "வெடித்தது!" என்று கொட்டை எழுத்து. சிடிஆர் 7.1%க்கு ஏறியது. மூன்று நாள் சந்தோஷம். நான்காம் நாள், தினமும் 12,000 வந்துகொண்டிருந்த இம்ப்ரெஷன் 1,500 ஆனது. க்ளிக் கூடினால் இன்னும் நிறையப் பேருக்குக் காட்டத்தானே வேண்டும்?

வைரல் வேலு

ப்ரோ, நீங்கள் மாற்றியதே லேட். சிடிஆர் 10%க்குக் கீழே இறங்கினால் அல்காரிதம் வீடியோவைக் கைவிட்டுவிடும். அப்லோட் பண்ணிய 24 மணி நேரத்துக்குள் மாற்றியிருக்க வேண்டும். ஒருமுறை என் வீடியோ 4%இல் கிடந்தது, முகத்தைப் பெரிதாக வைத்து வாயைப் பிளந்த மாதிரி போட்டேன், இரண்டு லட்சம் வியூஸ் தாண்டியது.

வெட்டும் ஒட்டும்

வேலு தம்பி, தம்ப்நெயிலை மாற்றினால் வீடியோ பிழைக்கும் என்பது சரி, எனக்கும் நடந்திருக்கிறது. ஆனால் அந்த 10% எங்கிருந்து வந்தது? பாதிச் சேனல்களும் வீடியோக்களும் 2 முதல் 10%க்குள் இருப்பதாக யூடியூபின் உதவிப் பக்கமே சொல்கிறது. நான் ஆறேழு சேனல்களுக்கு எடிட்டிங் செய்து கொடுக்கிறேன். 3.8%இல் நன்றாக ஓடுகிற வீடியோ எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

பட்டறை அண்ணா, உங்கள் 9.4% யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். முதல் இரண்டு நாள் பெரும்பாலும் உங்களைத் தெரிந்தவர்களுக்குத்தான் காட்டியிருக்கும். அவர்கள் படத்தைக்கூடப் பார்க்காமல் அழுத்துவார்கள். ஐந்தாம் நாள் உங்கள் பெயரே கேள்விப்படாதவர்களின் ஹோம் பக்கத்துக்கு வீடியோ போயிருக்கிறது. அங்கே சீரியல் துண்டுக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவில் உங்கள் மிக்ஸி. சிடிஆர் இறங்காமல் என்ன செய்யும்? அது பரவியதற்கு அடையாளம். யூடியூப் ஸ்டுடியோவில் மொத்த எண்ணைப் பார்க்காமல், எந்த வழியாக வந்தார்கள் என்பதை Browse features, YouTube search என்று தனித்தனியாகப் பாருங்கள்.

இரண்டு தம்ப்நெயிலுக்கும் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள்?

மிக்ஸிப் பட்டறை

முதலில் 4 நிமிடம் 10 விநாடி. தீ வைத்த பிறகு 1 நிமிடம் 35 விநாடி. கிராஃப் 20ஆவது விநாடியிலேயே சரிகிறது. எங்கே வெடித்தது என்று கமென்ட்டில் திட்டும் விழுந்தது.

வெட்டும் ஒட்டும்

கணக்கு அங்கேயே இருக்கிறது. ஆயிரம் பேர் கண்ணில் பட்டால் பழைய படத்துக்கு 38 க்ளிக், ஆளுக்கு 250 விநாடி, மொத்தம் 158 நிமிடம். தீப்படத்துக்கு 71 க்ளிக், ஆளுக்கு 95 விநாடி, மொத்தம் 112 நிமிடம். க்ளிக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஆனால் பார்த்த நேரம் குறைந்துவிட்டது.

யூடியூப் 2012லேயே வெறும் வியூஸிலிருந்து பார்த்த நேரத்துக்கு மாறியது. 2016இல் அதன் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலும் இதுதான்: க்ளிக் விகிதத்தை வைத்து வரிசைப்படுத்தினால் ஏமாற்றும் வீடியோக்கள் மேலே வருகின்றன, அதனால் ஒரு முறை காட்டினால் எவ்வளவு நேரம் பார்ப்பார்கள் என்பதைக் கணிக்கிறோம் என்றார்கள். இப்போது பார்த்தவருக்குத் திருப்தியா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், அதனால் என் கணக்கை அப்படியே வேதமாக எடுக்காதீர்கள். உங்கள் இம்ப்ரெஷன் விழுந்ததற்குத் தீப்படம் மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்யவும் மாட்டேன். ஒன்பதாம் நாளில் வீடியோ தானாகவும் அடங்கும்.

மாடித்தோட்டம் மதுரை

எனக்கும் சிடிஆர் பிரச்சினைதான். தக்காளிச் செடி வீடியோவுக்கு வியூஸ் 900, இம்ப்ரெஷன் 300தான் காட்டுகிறது. நானும் என் நாத்தனாரும் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் லிங்க் போட்டோம். கணக்கில் கோளாறா?

வெட்டும் ஒட்டும்

கோளாறு இல்லை அக்கா. லிங்க் வழியாக வருகிறவர் யூடியூபுக்குள் உங்கள் தம்ப்நெயிலைப் பார்த்துவிட்டு வரவில்லை, அதனால் வியூஸில் சேரும், இம்ப்ரெஷனில் சேராது. நோட்டிபிகேஷனும் எண்ட் ஸ்கிரீனும் அப்படித்தான். படத்தில் பாதியாவது ஒரு விநாடிக்கு மேல் திரையில் தெரிந்தால்தான் ஒரு இம்ப்ரெஷன்.

மாடித்தோட்டம் மதுரை

அப்போ குரூப்பில் போடுவதை நிறுத்தவா? நாத்தனார் கோபித்துக்கொள்வாள்.

பனங்காய்

யாழ்ப்பாணத்திலிருந்து சமையல் வீடியோ போடுகிறேன். நான் பட்ட பாடு எழுத்தில்தான். டைட்டிலுக்கு 100 கேரக்டர் என்கிறார்கள், தமிழில் அது சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. "யாழ்ப்பாணம்" நமக்கு ஆறு எழுத்து, புள்ளியும் காலும் தனியாக எண்ணப்படுவதால் அங்கே பதினொன்று. போனில் அதற்கு முன்னரே வெட்டிவிடும். நான் "யாழ்ப்பாணத்து பாரம்பரிய" என்று தொடங்குவேன், ஒடியல் கூழ் என்ற சொல்லே வெளியில் தெரியாது. இப்போது கூழை முன்னால் வைக்கிறேன்.

இன்னொன்று: தம்ப்நெயிலின் வலது கீழ் மூலையில் வீடியோ நேரம் வந்து உட்காரும். இரண்டு மாதமாக விலையை அங்கேதான் எழுதியிருந்தேன், யாருமே பார்க்கவில்லை. இப்போது படத்தை போனில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறேன். மெல்லிய தமிழ் எழுத்து அந்த அளவில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும்.

தங்கிலீஷில் டைட்டில் வைத்தால் தேடலில் வருமா? எனக்கு ஒரு வீடியோவில் உதவியது, அடுத்ததில் ஒன்றுமே இல்லை.

வைரல் வேலு

தங்கிலீஷ்தான் பெஸ்ட், எல்லாரும் அப்படித்தான் டைப் பண்ணுவார்கள்.

வெட்டும் ஒட்டும்

எல்லாரும் இல்லை தம்பி. என் வாடிக்கையாளர்களில் பக்தி சேனலுக்குத் தமிழ் எழுத்துத்தான் எடுபடுகிறது. பனங்காய், எனக்கும் இதில் முடிவு கிடைக்கவில்லை.

பட்டறை அண்ணா, உங்கள் முதல் படத்திலும் ஒரு குறை. விரல் பட்டன் மேலேயே இருந்தால் பதில் வெளியிலேயே கிடைத்துவிட்டது. பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடுவார், வீடியோ எதற்கு?

மிக்ஸிப் பட்டறை

அட, இது எனக்குத் தோன்றவே இல்லை! கடையிலும் இதே கதைதான், பட்டனைக் காட்டிவிட்டால் காசு தராமல் போய்விடுவார்கள்.

அப்புறம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தீப்படத்தை எடுத்துவிட்டு, யூடியூபே படங்களை ஒப்பிட்டுச் சொல்லும் Test & compare-இல் மூன்று படம் போட்டேன். ஒன்று பழைய விரல் படம். இரண்டாவது, கவிழ்த்த மிக்ஸி, பட்டன் இருக்கும் இடம் மட்டும் நிழலில். மூன்றாவது, அரைத்தும் அரையாமலும் நின்றுபோன சட்னி ஜார். டைட்டிலை "மிக்ஸி நின்றுபோச்சா? கடைக்குப் போகும் முன் அடியில் பாருங்க" என்று மாற்றினேன். படத்தில் எழுத்தே இல்லை. பன்னிரண்டு நாள் கழித்துச் சட்னி ஜார் ஜெயித்தது.

வைரல் வேலு

அதுக்கு சிடிஆர் எவ்வளவு?

மிக்ஸிப் பட்டறை

அங்கே சிடிஆரை வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை தம்பி, பார்த்த நேரத்தில் எதற்கு எவ்வளவு பங்கு என்றுதான் காட்டியது. ஸ்டுடியோவில் மொத்த சிடிஆர் இப்போது 4.3%. இம்ப்ரெஷன் தினம் 3,000 கிட்ட நிற்கிறது, பழைய 12,000 திரும்பவில்லை. டைட்டிலையும் அதே நாளில் மாற்றிவிட்டேன், அதனால் எது வேலை செய்தது என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

வெட்டும் ஒட்டும்

அதைத்தான் கேட்க வந்தேன். அடுத்த வீடியோவிலாவது ஒன்றை மட்டும் மாற்றுங்கள் அண்ணா.